அத்தியாயம் 4: படகு நேரமும் நிகழ்ச்சி நிரலும்

ஒப்பந்தத்தில் கையெழுத்தாகி, முற்பணமும் வங்கிக்கு வந்துவிட்டது. அடுத்த வேலை வாடிக்கையாளரோடு தொடக்கக் கூட்டம். வாடிக்கையாளர் யாழ்ப்பாண நகரத்தில் இருந்தால் இந்தக் கூட்டத்தை அரைகுறையாக ஒழுங்கு செய்தாலும் தப்பிவிடலாம். கொண்டு வராத கொப்பியைப் பின்னேரம் போய் எடுக்கலாம், வராத பொருளாளரை மறுநாள் பார்க்கலாம். நெடுந்தீவில் அது நடக்காது. குறிகட்டுவான் இறங்குதுறையில் காலையில் படகேறி, ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணத்தின் பின் இறங்கி, பிற்பகல் படகைப் பிடித்தாக வேண்டும். இடையில் கையில் இருப்பது இரண்டரை அல்லது மூன்று மணித்தியாலம். அதற்குள் முடிக்க வேண்டியதை முடிக்காவிட்டால் இன்னொரு நாளும் இன்னொரு பயணமும் போகும். ஆகவே தொடக்கக் கூட்டத்தை எப்படி ஒழுங்கு செய்வது என்பதை இந்த அத்தியாயத்தில் நெடுந்தீவை வைத்தே சொல்கிறேன்.

உதாரணத்துக்கு ஒரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தைக் கற்பனை செய்துகொள்வோம். இருநூறு அங்கத்தவர்கள். நண்டு, கணவாய், மீன் என்று கரைக்கு வருவதைச் சங்கம் நிறுத்து வாங்குகிறது. அங்கத்தவர் எடுத்த மண்ணெண்ணெயையும் வலைக்கு வாங்கிய முற்பணத்தையும் கழித்து மிகுதியைக் கொடுக்கிறது. எல்லாம் கொப்பியில். நீங்கள் செய்து கொடுக்க ஒப்புக்கொண்டது, நிறுக்கும் இடத்திலேயே பதிந்து அங்கத்தவர் கணக்கைக் காட்டும் ஒரு சிறு மென்பொருள். டப்லெட்டுகளுக்கும் முதல் வருடச் செலவுக்கும் பணம் தருகிறவர்கள் கனடாவிலும் இங்கிலாந்திலும் இருக்கும் ஊரவர்கள். தீவகத்தில் இது வழமையான அமைப்புத்தான். பாவிக்கிறவர் ஒருவர், முடிவெடுக்கிறவர் இன்னொருவர், காசு தருகிறவர் கடலுக்கு அப்பால் மூன்றாமவர்.

நாளைக் குறிப்பது

பலர் முதலில் நாளைக் குறித்துவிட்டுப் பிறகு ஆட்களைத் தேடுகிறார்கள். தீவகத்தில் நாளை நீங்கள் தனியே தீர்மானிப்பதில்லை. காற்று, திருவிழா, தொழில் மூன்றும் சேர்ந்துதான் நாளைத் தரும்.

காற்றைப் பார்ப்போம். மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை சோளகம் அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடையும் மழையும். வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிக்கை விட்டால் படகுச் சேவை நிற்கும். ஆகவே மாசி பிற்பகுதியிலிருந்து சித்திரை வருடப் பிறப்புக்கு முன் வரையான காலம் நல்லது. அவசரமென்றால் மற்ற மாதங்களிலும் போகலாம், ஆனால் மாற்று நாள் ஒன்றை அதே கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும். முதல் நாள் தவறினால் இரண்டாவது நாளுக்கு மறுபடி எல்லோரையும் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

திருவிழாவில் கவனிக்க வேண்டியது உங்கள் வாடிக்கையாளரின் ஊர்த் திருவிழா மட்டுமல்ல. நெடுந்தீவுப் படகும் நயினாதீவுப் படகும் குறிகட்டுவானிலிருந்தே புறப்படுகின்றன. ஆனி மாதத்தில் நாகபூசணி அம்மன் திருவிழா நடக்கும்போதும், போயா நாட்களில் நாகதீப விகாரைக்குத் தென்னிலங்கை யாத்திரிகர்கள் பேருந்து பேருந்தாக வரும்போதும் அந்த இறங்குதுறையில் நிற்க இடமிருக்காது. மாசி, பங்குனியில் வரும் கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்கும் அங்கிருந்து படகுகள் போகும். நெடுந்தீவில் இந்துக்களும் கத்தோலிக்கரும் வாழ்வதால் தவக்காலம், பெரிய வெள்ளி, கோயில் கொடியேற்றம் எல்லாவற்றையும் கேட்டுத்தான் நாள் வைக்க வேண்டும்.

தொழிலைப் பற்றி நீங்களாக ஊகிக்க வேண்டாம். நண்டு வலைக்காரர் கரைக்கு வரும் நேரம் வேறு, கணவாய்க்காரர் வரும் நேரம் வேறு. "எந்த நாளில, எத்தினை மணிக்கு நிறுவை முடியும்?" என்று செயலாளரைக் கேளுங்கள். நிறுவை நடக்கும்போது அதைச் செய்கிறவரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் உடல்தான் வரும், காது தராசிலேயே நிற்கும்.

ஊர்காவற்றுறையில் உள்ள வாடிக்கையாளருக்கு இவ்வளவு தேவையில்லை. பண்ணைப் பாலத்தால் வீதியிலேயே போய்விடலாம். நயினாதீவு இடைநடுவில் இருக்கிறது. கடல்தான், ஆனால் இருபது நிமிடம். படகும் அடிக்கடி உண்டு. அங்கே கூட்டம் ஒரு மணித்தியாலம் இழுபட்டால் உலகம் முடிந்துவிடாது. நெடுந்தீவில் முடிந்துவிடும்.

நமது உதாரணத்துக்கு 2026 மார்ச் 11, புதன்கிழமையை எடுத்துக்கொள்வோம். மாற்று நாள் 18, அதுவும் புதன். கூட்டம் காலை 10.30 முதல் பிற்பகல் 1 மணி வரை. படகு நேரங்கள் காலத்துக்குக் காலம் மாறுகின்றன. குமுதினி ஓடுகிறதா, வடதாரகை ஓடுகிறதா, திருத்த வேலைக்கு நிற்கிறதா என்பதை முதல் நாள் பின்னேரம் ஊரில் ஒருவரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். இணையத்தில் கிடக்கும் பழைய நேர அட்டவணையை நம்பிப் பயணம் வைக்க வேண்டாம்.

யார் வர வேண்டும்

அழைப்பை "சங்கத்தினர் அனைவருக்கும்" என்று அனுப்பினால் மண்டபம் நிறையும், முடிவு எதுவும் வராது. பெயரையும் பொறுப்பையும் சேர்த்து எழுதிக் கேளுங்கள். இந்தச் சங்கத்தில் எனக்கு வேண்டியவர்கள் ஐந்து பேர்.

தலைவர் அல்லது செயலாளர், இருவரில் யார் நிர்வாக சபையின் சார்பில் "சரி" சொல்லலாமோ அவர். இதை வெளிப்படையாகக் கேட்க நமக்குக் கூச்சம். ஆனாலும் கேட்கத்தான் வேண்டும்: "அண்டைக்கு எடுக்கிற முடிவை நீங்களே சொல்லலாமோ, அல்லது நிர்வாக சபையில வைக்க வேணுமோ?" சபையில் வைக்க வேண்டும் என்றால் அதுவும் நல்ல பதில்தான். சபை கூடும் நாளைக் கேட்டு, அதற்கு முன் உங்கள் கூட்டத்தை வைத்துக்கொள்ளலாம்.

கொப்பி எழுதும் இலிகிதர். கூட்டத்தில் மிகக் குறைவாகப் பேசுகிறவர் பெரும்பாலும் இவர்தான். வேலையை முழுதாகத் தெரிந்தவரும் இவர்தான். தலைவர் "நாங்கள் கடனை மாத முடிவில கழிப்பம்" என்பார். இலிகிதர் பேசாமல் இருப்பார். கொப்பியைத் திறந்தால் சிலருக்கு வாரத்துக்கு வாரம், சிலருக்கு நிறுவைக்கு நிறுவை கழித்திருக்கும். ஆகவே இவருக்கு அழைப்பில் தனி வரியும், நிகழ்ச்சி நிரலில் தனி நேரமும் கொடுங்கள்.

தராசடியில் நிற்பவர். மழையில், உப்புக் கையோடு, டப்லெட்டைத் தொடப்போவது இவர். அடுத்தவர் ஓர் அங்கத்தவர். பதவி எதுவும் இல்லாத தொழிலாளி. தன் கணக்கைத் தான் எப்படிப் பார்க்க விரும்புகிறார் என்று அவர் வாயால் வர வேண்டும். ஐந்தாமவர் சங்கத்தின் கணக்கைப் பார்க்கும் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்கள உத்தியோகத்தர். அவர் தீவுக்கு வர முடியாவிட்டால் பரவாயில்லை. கணக்காய்வுக்கு அச்சிட்ட பேரேடு வேண்டுமா, கணினிப் பதிவு போதுமா என்ற ஒரு கேள்விக்கு மட்டும் முன்கூட்டியே எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். அந்தப் பதில் இல்லாமல் தொடங்கினால், ஆறு மாதத்தின் பின் சங்கம் மென்பொருளிலும் எழுதும், கொப்பியிலும் எழுதும். பிறகு மென்பொருளை விட்டுவிடும்.

உங்கள் பக்கத்தில் இருவர் போதும். வேலையைப் பொறுப்பெடுத்தவரும், உண்மையில் நிரல் எழுதப்போகிறவரும். ஒருவர் பேசும்போது மற்றவர் எழுத வேண்டும். விற்பனைக்காரரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகு அவர் சொல்லும் ஒவ்வொரு "அதுவும் செய்யலாம்" உங்களுக்குச் செலவு.

வெளிநாட்டில் இருந்து காசு தருகிறவர்களை என்ன செய்வது? சூமில் அதே கூட்டத்தில் சேர்க்கலாம் என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். நெடுந்தீவில் காலை 10.30 என்றால் ரொறன்ரோவில் நள்ளிரவு ஒரு மணி. அதைவிடப் பெரிய சிக்கல், காசு தருகிறவர் திரையில் இருக்கும்போது சங்கத்துக்காரர் தங்கள் குறைகளைத் திறந்து சொல்லமாட்டார்கள். கூட்டத்தை இரண்டாகப் பிரிப்பதே என் பரிந்துரை. முதல் நாள், மார்ச் 10 செவ்வாய் இரவு 7 மணிக்கு, செயலாளரும் நீங்களும் ஊரவர்களோடு முக்கால் மணி நேரம் பேசுங்கள். இலங்கை 7 மணிக்கு ரொறன்ரோவில் காலை 9.30, லண்டனில் பிற்பகல் 1.30.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கனடாவில் 2026 மார்ச் 8ஆம் திகதி கடிகாரத்தை முன்னே நகர்த்துவார்கள். இங்கிலாந்தில் மார்ச் 29ஆம் திகதிதான். ஒரு வாரம் முன்னர் இதே 7 மணி ரொறன்ரோவில் 8.30 ஆக இருந்திருக்கும். அதனால் "கனடா நேரம் இத்தனை மணி" என்று கையால் கணக்கிட்டு வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். நாட்காட்டி அழைப்பை இலங்கை நேர வலயத்தோடு அனுப்பினால் அவரவர் கைபேசி சரியாகக் காட்டும். அழைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தால் இந்த வரி இருக்க வேண்டும்:

```
DTSTART;TZID=Asia/Colombo:20260310T190000
```

எதை முடித்துக்கொண்டு வர வேண்டும்

நோக்கத்தை "கலந்துரையாடல்", "அறிமுகம்" என்று எழுதினால் அது நிறைவேறியதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. படகேறும்போது பதில் கையில் இருக்க வேண்டிய கேள்விகளாக எழுதுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். இந்தச் சங்கத்துக்கு நான் எழுதக்கூடியவை இவை.

முதலாவது: எந்தக் கொப்பி முதலில் நிற்கும்? நிறுவைக் கொப்பி, அங்கத்தவர் கடன் கொப்பி, மண்ணெண்ணெய்க் கொப்பி என்று மூன்று இருக்கின்றன. மூன்றையும் ஒரே நாளில் நிறுத்தச் சம்மதிக்காதீர்கள். நிறுவைக் கொப்பியிலிருந்து தொடங்குவது பெரும்பாலும் சரியாக வரும், ஏனென்றால் அதில் பழைய மீதி இல்லை. ஒவ்வொரு நாளும் புதிதாகத் தொடங்கும். கடன் கொப்பி அப்படியல்ல. பழைய மீதி பிழையாக ஏறினால் முதல் வாரமே சண்டை வரும்.

இரண்டாவது: ஒரு நிறுவையைப் பிழையாகப் பதிந்துவிட்டால் யார் திருத்தலாம்? கொப்பியில் வெட்டி எழுதிப் பக்கத்தில் கையொப்பம் வைப்பார்கள். மென்பொருளில் அதற்கு ஈடு என்ன என்பதைச் சங்கம்தான் சொல்ல வேண்டும். தராசடியில் நிற்பவரே திருத்தலாமா, இலிகிதர் மட்டுமா, தலைவரின் ஒப்புதலும் வேண்டுமா? மேலோட்டமாகச் சின்னக் கேள்விதான். சங்கத்துக்குள் யாரை யார் நம்புகிறார்கள் என்பது இதற்கான பதிலில் வெளிவந்துவிடும்.

மூன்றாவது: மின்சாரமோ இணைய இணைப்போ இல்லாதபோது என்ன நடக்கும்? நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவை நாட்டின் பிரதான மின்வலையமைப்போடு இணையாமல் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பி வாழ்ந்த தீவுகள். இந்த மூன்று தீவுகளிலும் சூரிய ஒளி, காற்று, மின்கலம், டீசல் எல்லாம் கலந்த மின் திட்டத்தை அமைக்க 1 கோடியே 10 இலட்சம் டொலர் இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. வாடிக்கையாளரிடம் திட்டத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். "போன கிழமை எத்தினை தரம் கரண்ட் நிண்டது? நிக்கேக்க எவ்வளவு நேரம்?" என்று கேளுங்கள். டப்லெட் தனியாக எத்தனை மணித்தியாலம் பதிந்துகொண்டிருக்க வேண்டும், எப்போது மேலே அனுப்ப வேண்டும் என்பதை அந்தப் பதிலே தீர்மானிக்கும்.

முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

தயாரிப்பில் அதிக நேரம் இதற்குத்தான் போகும். கூட்டத்துக்கு இரண்டு கிழமைக்கு முன் கேட்டு, ஒரு கிழமைக்கு முன் கையில் வாங்கிவிட வேண்டும். கேட்பது குறைவாக இருக்கட்டும். "உங்கள் ஆவணங்கள் எல்லாவற்றையும் அனுப்புங்கள்" என்றால் ஒன்றும் வராது. ஒவ்வொரு கொப்பியிலும் அடுத்தடுத்து வரும் மூன்று பக்கங்களின் படம், வெறுமையான பற்றுச்சீட்டு ஒன்று, கடைசிக் கணக்காய்வுக்குக் கொடுத்த தாளின் பிரதி, அங்கத்தவர் பட்டியல். இவ்வளவும் போதும்.

அடுத்தடுத்த பக்கங்கள் என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. ஒரு பக்கத்தின் அடியில் உள்ள மொத்தம் அடுத்த பக்கத்தின் தலையில் எப்படி ஏறுகிறது என்பதைப் பார்த்தால்தான் அவர்களுடைய கணக்கு முறை விளங்கும். நல்ல பக்கமாகத் தெரிந்து அனுப்புவார்கள் என்பதால் "போன மாதம் 10ஆம் திகதியில் தொடங்குங்கோ" என்று நீங்களே திகதியைச் சொல்லிவிடுங்கள்.

அங்கத்தவர் பட்டியல் கணினியில் இருக்கிறது என்றால் மகிழ்ந்துவிட வேண்டாம். வடக்கில் பல அலுவலகங்களின் பழைய கோப்புகள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக்கள். "தமிழ்" என்ற சொல்லை பாமினிக் கோப்பிலிருந்து வெட்டி வேறொரு இடத்தில் ஒட்டினால் இப்படித் தெரியும்:

```
jkpo;
```

யுனிகோட்டுக்கு மாற்றும் கருவிகள் உண்டு. ஆனால் ஒரே கோப்பில் தமிழ்ப் பெயர் பாமினியிலும், படகின் பதிவு எண் ஆங்கிலத்திலும் கலந்திருந்தால் கருவி அந்த ஆங்கில எழுத்தையும் தமிழாக்கிவிடும். மாற்றிய பட்டியலை இலிகிதர் ஒருமுறை கண்ணால் பார்த்துத் தர வேண்டும். இருநூறு பெயர், ஒரு பின்னேர வேலை. ஒரு கிழமைக்கு முன்பே கோப்பு வந்தால் மாற்றி அச்சிட்டுக் கூட்டத்துக்குக் கொண்டுபோகலாம். கூட்டத்தன்று கையில் கிடைத்தால் அந்த நேரமெல்லாம் எழுத்துருவில் கரையும்.

பட்டியலில் இன்னொன்றையும் பாருங்கள். பழைய அடையாள அட்டை எண் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்டது. 2016இலிருந்து வந்த புதிய எண் பன்னிரண்டு இலக்கம். அட்டையை மாற்றியவரை இலிகிதர் புதிய எண்ணோடு இன்னொரு வரியில் எழுதியிருக்கலாம். அப்போது ஒரே ஆள் இரண்டு அங்கத்தவராக நிற்பார். இப்படியான பெயர்களைக் கோடிட்டுக் கொண்டுபோங்கள். ஆட்களைத் தெரிந்தவர்கள் அந்த மேசையிலேயே நொடியில் தீர்த்துவிடுவார்கள்.

படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லும்போது அடையாள அட்டை எண் உள்ள பகுதியை ஒரு தாளால் மறைத்துப் படமெடுக்கச் சொல்லுங்கள். முழுப் பட்டியலை ஒரு பென்டிரைவில் வாங்குங்கள். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இப்படியான விவரங்களைப் பற்றியதுதான். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கடன் விவரத்தோடு ஒருவரின் பெயர் ஊர்க் குழுமத்தில் சுற்றினால் உங்கள் மென்பொருளை அந்த ஊரில் பிறகு யாரும் தொடமாட்டார்கள்.

அழைப்புக் கடிதம்

வாட்ஸ்அப்பில் பேசி முடித்த பின்னும் கடிதத்தைத் தாளில் அனுப்புங்கள். சங்கத்தில் கோப்பில் போடுவதற்கு அது வேண்டும்; நிர்வாக சபையில் வாசிப்பதற்கும் வேண்டும். ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. இப்படி எழுதலாம்:

மதிப்புக்குரிய செயலாளர் அவர்களுக்கு,

நிறுவை மற்றும் அங்கத்தவர் கணக்கு மென்பொருளின் தொடக்கக் கூட்டத்தை 2026 மார்ச் 11, புதன்கிழமை காலை 10.30 மணிக்குச் சங்கக் கட்டடத்தில் நடத்த விரும்புகிறோம். அன்று படகு ஓடாவிட்டால் மார்ச் 18, அதே நேரம்.

தாங்கள் (நிர்வாக சபை சார்பில்), கணக்கு எழுதும் இலிகிதர், நிறுவைப் பொறுப்பாளர், தாங்கள் தெரிவு செய்யும் ஓர் அங்கத்தவர் ஆகியோர் முழு நேரமும் இருக்க வேண்டுகிறோம். எமது பக்கத்தில் இருவர் வருவோம்.

அன்று மூன்று முடிவுகள் தேவை: முதலில் மென்பொருளுக்கு மாறும் கொப்பி எது, பதிந்த நிறுவையைத் திருத்தும் அதிகாரம் யாருக்கு, மின்சாரம் இல்லாத நேரத்தில் பதிவு எப்படி.

10.30 நிறுவை இடத்தைப் பார்த்தல். 11.00 இலிகிதர் கொப்பிகளை விளக்குதல். 11.45 மூன்று முடிவுகள். 12.40 எழுதியதை வாசித்துக் கையொப்பம்.

மார்ச் 4ஆம் திகதிக்கு முன் இணைப்பில் உள்ள நான்கு ஆவணங்களையும் அனுப்பி வைக்கவும். வருவோரின் பெயர்களையும் அத்துடன் அறியத் தரவும்.

கவனித்தால், கூட்டம் கதிரையில் தொடங்கவில்லை, தராசடியில் தொடங்குகிறது. முதல் அரை மணித்தியாலம் நின்றுகொண்டு பார்ப்பதால் பிறகு பேசும்போது "அந்தப் பெட்டி", "இந்த மூலை" என்று எல்லோருக்கும் ஒரே படம் மனதில் இருக்கும். உங்கள் நிறுவனத்தின் அறிமுகப் படக்காட்சிக்கு இதில் இடமில்லை. தேவையுமில்லை.

பிசகுகிறது என்பதை எப்படி அறிவது

மார்ச் 4 வந்துவிட்டது. தொலைபேசி எடுக்கிறீர்கள். "ஓம் தம்பி, வாங்கோ, வந்தாப் பிறகு பாப்பம், ஆக்களைக் கூப்பிட்டு விடுறன்" என்கிறார் செயலாளர். அன்பான பதில். ஆனால் பெயர் ஒன்றுகூட இல்லை, ஒரு பக்கமும் வரவில்லை. இப்படியான பதிலோடு படகேறினால் தேநீரும் விசுக்கோத்தும் கிடைக்கும், கொப்பி அலுமாரியில் பூட்டியிருக்கும், திறப்பு வைத்திருப்பவர் யாழ்ப்பாணம் போயிருப்பார்.

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பெரும்பாலும் படமெடுத்து அனுப்பத் தெரிந்த பிள்ளை வீட்டில் இல்லை, அல்லது கொப்பியை வெளியாருக்குக் காட்டலாமா என்று சபையில் ஒருவர் தடுத்திருப்பார். எது என்று கேட்டு அறியுங்கள். முதலாவது என்றால் யாராவது படகில் வரும்போது பிரதியைக் கொடுத்துவிடச் சொல்லலாம். இரண்டாவது என்றால் பணம் தரும் ஊரவர்களில் ஒருவரை அந்தச் சபை உறுப்பினரோடு பேசவைக்க வேண்டியிருக்கும். மார்ச் 7 வரையும் பெயரும் பக்கமும் வராவிட்டால் கூட்டத்தை 18க்கு மாற்றுங்கள். மாற்று நாள் கடிதத்திலேயே இருப்பதால் இது முகத்தை முறிக்காமல் முடியும். ஊரவர்களோடு பேசும் நாளையும் அதன்படி 17ஆம் திகதிக்கு நகர்த்திவிடுங்கள். நாட்காட்டி அழைப்பையும் திருத்தி அனுப்புங்கள்.

போகும் நாளில் இணைப்பே இல்லாமல் இயங்கும் மாதிரி ஒன்று டப்லெட்டில் இருக்கட்டும். அதில் அவர்கள் அனுப்பிய மூன்று பக்கங்களின் நிறுவைகளே ஏறியிருக்கட்டும். அச்சிட்ட அங்கத்தவர் பட்டியல், கடிதத்தின் பிரதிகள், நிரப்பிய மின்வங்கி, தண்ணீர் படாத பை. கூட்ட அறிக்கைக்கு காபன் தாள் வைத்த கொப்பி ஒன்றும் வேண்டும். மூன்று முடிவுகளையும், யார் எதை எந்தத் திகதிக்குள் செய்வது என்பதையும் 12.40க்குக் கையால் எழுதி, சத்தமாக வாசித்து, இரு பக்கமும் கையொப்பம் வையுங்கள். மேல் தாள் சங்கத்துக்கு, அடித்தாள் உங்களுக்கு. தட்டச்சு செய்து பிறகு அனுப்புகிறோம் என்று விட்டுவிட்டு வந்தால், அந்த "பிறகு" வருவதற்குள் ஒவ்வொருவர் நினைவிலும் ஒவ்வொரு முடிவு இருக்கும்.